வாய்தா கேட்டு ஒரு கடிதம்

ஐயா, வேலூரில் ஜூனியராக இருக்கிறேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் அடுத்த வியாழக்கிழமை எதிர்த்தரப்புச் சாட்சியை நாங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அன்று சீனியருக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வேறு வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதி, இருவருமாகச் சேர்ந்து வாய்தா கேட்கலாமா? அது இறங்கிப் போவது ஆகாதா? கடிதம் தமிழிலா, ஆங்கிலத்திலா?

அன்புள்ள தம்பி,

எந்த மொழியிலும் எழுது. இறங்கிப் போவது என்ற பேச்சை விடு. நீ கேட்காத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. அந்தச் சாட்சி எந்த ஊரிலிருந்து வருகிறார்?

நான் ஜூனியராக இருந்தபோது ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சாட்சி சொல்ல வருவார். கூலி வேலையை விட்டு, விடியற்காலை பஸ் ஏறி வருவார். கோர்ட் வராண்டாவிலேயே இரண்டு வக்கீல்களும் பேசி வாய்தா வாங்கிவிடுவார்கள். மூன்றாவது தடவை அவர் வரவே இல்லை. குறுக்கு விசாரணை நடக்காததால் அவருடைய முதல் விசாரணை வாக்குமூலத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு வக்கீல்களும் ஒத்துப்போனதில் அந்த அம்மாவுக்கு என்ன கிடைத்தது, சொல்.

அதனால் வியாழன் காலையில் போனில் கேட்காதே. இன்றே எழுது. வழக்கு எண், சாட்சியின் பெயர், உண்மையான காரணம் மூன்றும் இருக்கட்டும். சீனியர் டைரியைப் பார்த்து, பக்கத்திலேயே மூன்று தேதி கொடு. "இவற்றில் உங்கள் சாட்சிக்கு வசதியானது எது என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுது. சாட்சி கிளம்புவதற்கு முன்பே தகவல் போய்ச் சேரும்படி, செவ்வாய்க்கிழமைக்குள் பதில் கேள். உன் கட்சிக்காரருக்கும் சொல்லிவிடு.

பதில் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதே. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 17 விதி 1-ஐ எடுத்துப் படி. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது வாய்தாவுக்குக் காரணமே ஆகாது என்று அங்கே எழுதியிருக்கிறது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் தினமும் நடத்த வேண்டும் என்றும், ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. கட்டுக்கு மீறிய நிலைமை வந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையில் இன்னொரு வழக்கு இருப்பது அந்த வகையில் வராது. வாய்தா கேட்டு இருவரும் கையெழுத்திட்ட மெமோ கொடுத்தாலும் நீதிபதி மறுக்கலாம், செலவுத்தொகை போடலாம். மெமோ கொடுத்தாயிற்று என்று இரண்டு பேரும் வராமல் இருந்தால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

ஆகவே வியாழன் காலை நீ சத்துவாச்சாரி கோர்ட்டில் வழக்குக் கட்டோடு நிற்க வேண்டும். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து மெமோவைச் சொல். மறுத்தால் குறுக்கு விசாரணையை நீயே நடத்து. கேள்விகளைச் சீனியரோடு புதன்கிழமைக்குள் எழுதிவை. பயமாக இருக்கும், இருக்கட்டும். வாய்தா கிடைத்தால் அடுத்த தேதி கோர்ட் டைரியில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் பார்த்துவிட்டு, அன்றைக்கே எதிர்த்தரப்பு ஆபீசுக்கும் எழுதி அனுப்பு.

சாட்சி எந்த ஊர் என்பதை எனக்கும் எழுது.