சின்ன உதவிகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள்

"எங்கட கிளையில் ஆறு பேர். யாருக்கு எது ஓடாவிட்டாலும் 'அவவிட்டக் குடுங்க, செய்வா' என்று என் மேசைக்கு வருகிறது. மறுத்தால் திமிர் என்பார்கள். என்ன செய்யலாம்?"

நீங்களும் அரச கந்தோரில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர்.

உதவிக்குக் கணக்குப் பார்க்கிறவள் என்று யாரும் நினைக்கக்கூடாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் இரவு ஒன்பது மணி வரை இருந்து மற்றக் கிளைகளின் நிவாரணப் பட்டியலையும் செய்து கொடுத்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் வெள்ளம் வடிந்து ஒரு மாதம் போன பிறகும் பட்டியல்கள் என்னிடமே வந்துகொண்டிருந்தன. டிசம்பர் மாதத்துக்கான என்னுடைய முன்னேற்ற அறிக்கை நான்கு நாள் பிந்தியது. ஜனவரியில் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது, எனக்கு மட்டும். நான் யாருடைய வேலையை முடித்துக் கொடுத்தேனோ அவர்கள் எல்லோரும் நேரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தின் பிரதி என் சுயவிவரக் கோவையில் இன்னும் கிடக்கிறது.

கோபத்தில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். யார் வந்தார், எதற்கு வந்தார், எத்தனை நிமிடம் போனது என்று மூன்று வாரம் எழுதினேன். மொத்தம் 52 தடவை, ஏறக்குறைய 14 மணித்தியாலம். என்னைத் திடுக்கிட வைத்தது அந்த மணித்தியாலம் இல்லை. 52இல் 31 தடவை வந்தவை திரும்பத் திரும்ப அதே மூன்று வேலைகள். அதிலும் 19 தடவை வந்தது ஒரே ஆள்.

அந்த மூன்றில் ஒன்றைச் சொல்கிறேன். எக்செலில் புதிய அடையாள அட்டையின் 12 இலக்கத்தை அடித்தால் அது `1.98524E+11` என்று மாறி நிற்கும். பழைய இலக்கத்தின் கடைசியில் V இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, அதனால் பாதிப் பட்டியல் சரியாகவும் பாதி பிழையாகவும் தெரியும், அந்தர அவசரத்தில் "மிஸ், கணினி பழுது" என்று என்னிடம் ஓடி வருவார்கள். அடிக்க முதல் அந்த நிரலை `Text` என்று மாற்றினால் போதும். வங்கிக் கணக்கு இலக்கத்தின் முன்னால் இருக்கிற பூச்சியம் காணாமல் போவதும் இதனால்தான், அதற்கும் இதே மருந்துதான். மற்ற இரண்டும் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை யுனிகோட்டுக்கு மாற்றுவதும், சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையை வாசித்துச் சொல்வதும்.

நான் விட்ட பிழையும் அந்தக் கொப்பியில்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் மௌஸை வாங்கி நானே செய்து கொடுத்திருக்கிறேன். நிரலை மாற்றுவது எனக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது, வந்தவருக்கோ ஒன்றும் பழகவில்லை, அடுத்த கிழமையும் வந்தார்.

கொப்பியோடு நிர்வாக உத்தியோகத்தரிடம் போனேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை, வேலைகளை மட்டும் காட்டினேன். "சேர், இதை என்ட கடமைப் பட்டியலில் போடுங்க, போட்டால் என்ட வேலையில் ஒன்றை எடுங்க. இல்லாட்டி கிளைக்கு ஒராளைத் தாங்க, நான் பழக்கிவிடுறன்" என்றேன். கடமைப் பட்டியலில் இல்லாத வேலை மேலிடத்தின் கண்ணில் படாது, விளக்கக் கடிதம் எழுதுகிறபோது அவர்கள் பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான். சேர் இரண்டாவதுக்குச் சம்மதித்தார்.

இரண்டு பின்னேரம் நான்கு பேரோடு இருந்தேன். மௌஸைத் தொடவில்லை. ஒரு தம்பி நிரலை மாற்ற இருபது நிமிடம் எடுத்தான், கை துடித்தது, பேசாமல் இருந்தேன். இப்போது அவன்தான் அவன்ட கிளைக்குச் செய்கிறான். சிங்களச் சுற்றறிக்கை மட்டும் இன்னும் என்னிடம்தான் வருகிறது, இரண்டு பின்னேரத்தில் மொழி பழக்க ஏலாது. அதைக் கடமைப் பட்டியலில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அந்த 19 தடவை வந்த அக்கா என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. அது எனக்குச் சரியான கவலை, அவ கெட்டவ இல்லை.

இதையும் சொல்லாமல் விட மனமில்லை. நேரத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிற கந்தோரில் கைவிரல் இயந்திரம் காலை 8.31ஐத்தான் பார்க்கிறது. கல்முனை வீதியில் பஸ் நின்று நின்று வருவதற்கு நான் என்ன செய்ய? பின்னேரம் 4.15க்குப் பிறகு இருந்த நேரத்தை யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கொப்பியைத் தொடங்குகிறபோது வெள்ளம், தேர்தல் மாதிரியான நாட்களை அதில் சேர்க்காதீர்கள். அந்த நாட்களில் எல்லோரும்தான் ஓடுகிறார்கள். அதைச் சேர்த்தால் "அந்த நேரம் அப்படித்தானே" என்று முழுக் கொப்பியையும் தள்ளிவிடுவார்கள். ஒன்றும் நடக்காத மூன்று வாரத்தை எழுதுங்கள்.