ரஷ்ய எழுத்துகளை ஆங்கிலமாக வாசிக்கும் பழக்கத்தை விடுவது எப்படி?

"அடுத்த மாதம் மாஸ்கோ செல்கிறேன். வயது நாற்பது. பெயர்ப்பலகைகளைக் கண்டால் ஆங்கிலம் போலவே வாசித்துவிடுகிறேன். விரைவான வழி உண்டா?"

வணக்கம். 33 எழுத்துகளையும் அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களை ஏமாற்றும் ஆறு எழுத்துகளிலிருந்தே தொடங்குங்கள். В என்பது 'வ', Н என்பது 'ன', Р என்பது 'ர', С என்பது 'ஸ', У என்பது 'உ', Х என்பது தொண்டையிலிருந்து உரசி வரும் 'ஹ'. А, К, М, О, Т ஆகியவை ஏறத்தாழ நீங்கள் எதிர்பார்க்கும் ஒலியையே தரும். Е மட்டும் சொல்லின் தொடக்கத்திலும் உயிரெழுத்துக்குப் பின்னும் 'யெ' போல ஒலிக்கும்.

இவற்றைத் தனித்தனியாக அல்லாமல், பொருள் முன்பே தெரிந்த சொற்களில் பழகுங்கள். РЕСТОРАН என்ற பலகையை ஆங்கிலக் கண் 'பெக்டோபா' என்று வாசிக்கும். Р, С, Н மூன்றையும் திருத்தியதும் 'ரெஸ்டோரான்', அதாவது உணவகம், தானே வெளிப்படும். МОСКВА என்பதில் С, В இரண்டே திருத்தங்கள். அழுத்தமில்லாத О, 'அ' போலத் தேய்வதால் அது 'மஸ்க்வா' என்று ஒலிக்கும்; பலகை வாசிக்க இந்த நுணுக்கம் அவசியமில்லை.

உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் குறிக்காமல் தமிழில் குறித்துக்கொள்வது என் பரிந்துரை, ஏனெனில் பழைய குழப்பம் அப்போது திரும்ப வராது. ஆனால் П, Б இரண்டும் தமிழில் 'ப' ஆகிவிடும் என்பதால், Б-க்கு அடிக்கோடிடுங்கள்.

Д, Ж, Ш போன்ற புதிய வடிவங்கள் எதனுடனும் குழம்பாததால் விரைவில் படிந்துவிடும். சாய்வெழுத்தில் அச்சிட்ட உணவுப் பட்டியல்தான் தொல்லை: அங்கே சிறிய т, ஆங்கில m போலத் தோன்றும்.