கணக்கு திருடுபோய் பேன் ஆனால் எப்படி எழுதிக் கேட்பது?

*அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறேன். நாங்கள் விளையாடும் தமிழ் டிஸ்கார்ட் சர்வரில் என் கணக்கிலிருந்து "இலவச நைட்ரோ" லிங்க் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. இப்போது சர்வரையே காணோம், பழைய அழைப்பு லிங்க்கும் வேலை செய்யவில்லை. புதுக் கணக்கு திறந்து உள்ளே போய்ச் சொல்லட்டுமா?*

வேண்டாம் தம்பி. உங்களைப் பேன் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, அதாவது சர்வருக்குள் வரத் தடை. டிஸ்கார்டில் பேன் போட்டால் கணக்கோடு ஐபி முகவரியும் சேர்ந்து தடைபடும். உங்கள் வீட்டு வைஃபையில் தங்கை சேரப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளலாம். எப்படியோ புதுக் கணக்கில் நுழைந்துவிட்டாலும், பேனை ஏய்த்தவர் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

நான் சில வருடம் மாடரேட்டராக இருந்தவன். "ஹேக் ஆகிவிட்டது" என்று யார் எழுதினாலும் எங்களுக்கு முதலில் வரும் பயம் ஒன்றுதான்: திருடன் இன்னும் உள்ளே இருக்கிறானா? அதனால் கடிதத்துக்கு முன் கணக்கைப் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கு வெளியேறிவிடும். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். `Authorized Apps` பக்கத்தில் தெரியாத செயலி இருந்தால் நீக்குங்கள். சமீபத்தில் யாராவது அனுப்பிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பல கணக்குகள் அப்படித்தான் போகின்றன.

அப்புறம், எங்கே எழுதுவது? பொதுவான சர்வர் இல்லாவிட்டால் மாடரேட்டருக்குத் தனிச்செய்தி பெரும்பாலும் போகாது. உள்ளே இருக்கும் நண்பரிடம் முறையீட்டுப் படிவம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்காக அவர் பொதுச் சேனலில் வாதாடினால் மாடரேட்டருக்கு எரிச்சல்தான் வரும். டிஸ்கார்ட் நிறுவனத்துக்கு எழுதியும் பயனில்லை, சர்வர் பேனில் அவர்கள் தலையிடுவதில்லை.

கடிதம் இவ்வளவு போதும்:

"வணக்கம். என் பயனர் பெயர் …, ஐடி எண் …. சனிக்கிழமை இரவு என் கணக்கிலிருந்து மோசடி லிங்க் போனது. அன்று மாலை தெரியாதவர் அனுப்பிய கியூஆரை ஸ்கேன் செய்தேன், அது என் கவனக்குறைவு. கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பும் போட்டுவிட்டேன். உங்களுக்கு வந்த தொல்லைக்கு மன்னிக்கவும். பேனை மறுபரிசீலனை செய்ய முடியுமா?"

கியூஆர் வரி உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் இருக்கட்டும். ஐடி எண்ணை எடுக்க, அமைப்புகளில் `Developer Mode` போட்டு, உங்கள் பெயரின் மேல் `Copy User ID` அழுத்துங்கள். பெயரை யாரும் மாற்றலாம், எண் மாறாது. "எந்த ஆதாரத்தில் பேன் போட்டீர்கள்" என்ற தொனி மட்டும் வேண்டாம்.

தள்ளிப்போடாதீர்கள். யார், எதற்காகப் பேன் போட்டார் என்ற தணிக்கைப் பதிவு சர்வரில் 45 நாள்தான் இருக்கும். எழுதி ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால், ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். முடியாது என்றால் "பார்த்ததற்கு நன்றி" என்று எழுதி விட்டுவிடுங்கள். அப்படி நிறுத்திய இரண்டு பேரை, சில மாதம் கழித்து நாங்களே திரும்பச் சேர்த்திருக்கிறோம்.