அதிகம் பேர் பார்த்தது, நீண்ட காலம் ஓடியது: எந்தக் கணக்கை நம்பலாம்?

விளம்பர நிறுவனம் ஒன்றில் டிவி நேரம் வாங்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ரேட்டிங் எண்களோடு சண்டை போட்டே தலை நரைத்தது. புனைபெயர்களில் வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

ஞாயிறு மதியம்: அமெரிக்காவின் 'மேஷ்' தொடரின் கடைசி எபிசோடை 10.6 கோடி பேர் பார்த்ததாக ஓரிடத்தில் இருக்கிறது, 12.2 கோடி என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி?

இரண்டும் ஒரே இரவின் எண்கள்தான். 1983 பிப்ரவரி 28, சிபிஎஸ் சேனல், இரண்டரை மணி நேர எபிசோட். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி, கடைசியில் சராசரி எடுக்கலாம். அல்லது வாசலில் நின்று, மொய் எழுதிவிட்டு உடனே கிளம்பியவரையும் சேர்த்து வந்தவர்கள் எல்லோரையும் எண்ணலாம். முதல் வகைக் கணக்கில் வந்தது 10.6 கோடி, இரண்டாம் வகையில் வந்தது 12.2 கோடி. இரண்டும் பொய் இல்லை. ஒரு நிகழ்ச்சியின் வாசல் எண்ணை இன்னொரு நிகழ்ச்சியின் சராசரியோடு ஒப்பிடும்போதுதான் பொய் ஆரம்பிக்கிறது.

அந்த இரவைப் பற்றி நான் உறுதியாக நம்பும் எண் இவை இரண்டுமே இல்லை. அங்கே டிவி ரேட்டிங் அளக்கும் நீல்சன் நிறுவனம் கொடுத்த 60.2 என்ற ரேட்டிங்கைத்தான் நம்புகிறேன். டிவி இருக்கும் நூறு வீடுகளில் அறுபதில் இது ஓடியது என்று அர்த்தம். அப்போது அமெரிக்காவில் டிவி வீடுகள் 8.33 கோடி. அதில் 60.2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5 கோடி வீடுகள். அதன் பிறகுதான் ஒரு வீட்டுக்கு எத்தனை தலை என்ற கேள்வி வரும். 10.6 கோடியை 5 கோடியால் வகுத்தால் வீட்டுக்கு இரண்டு பேருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்து மீட்டர் செட் ஓடியதையும் சேனலையும் மட்டுமே பதிவு செய்யும். எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்பது, வேறு வீடுகளில் மக்கள் கையால் எழுதிக் கொடுத்த டைரியிலிருந்து வந்தது. ஆள் வாரியாக அளக்கும் மீட்டர் 1987இல்தான் நாடு முழுக்கப் பயன்பாட்டுக்கு வந்தது. வீட்டுக் கணக்குக்கு மீட்டர் சாட்சி, ஆள் கணக்குக்கு டைரி சாட்சி. எது பலமானது என்று நீங்களே சொல்லலாம்.

ராத்திரி ரிமோட்: மேஷ் சாதனையை 2010 சூப்பர் பௌல் ஆட்டம் முறியடித்துவிட்டது, 10.65 கோடி. ஆகவே அந்தச் சாதனை முடிந்த கதை.

பாதி சரி. தலைகளின் எண்ணிக்கையில் 10.65 கோடிதான் பெரியது. ஆனால் மேஷ் 10.6 கோடி என்று நாம் சுருக்கிச் சொல்வது உண்மையில் 10.597 கோடி. வித்தியாசம் சுமார் ஐந்து லட்சம், அதாவது அரை சதவீதம். 1983இல் நீல்சனிடம் மீட்டர் இருந்த மாதிரி வீடுகள் நாடு முழுக்கவே இரண்டாயிரத்துக்கும் குறைவு. அவ்வளவு வீடுகளை வைத்து 60.2 என்று சொன்னால், உண்மை இரண்டு, இரண்டரை புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். டைரிக் கணக்கில் தடுமாற்றம் இன்னும் அதிகம். இப்படி ஊசலாடும் எண்ணை அரை சதவீதத்தில் இன்னொன்று தாண்டியது என்று சொல்வது, ஆட்டுக்கிடாயைக் கையால் தூக்கி எடை சொல்லிவிட்டு, பக்கத்து ஆட்டைத் தராசில் வைத்து நூறு கிராம் அதிகம் என்பதைப் போல.

வீட்டுக் கணக்கில் அந்த ஆட்டம் 45.0தான். 60.2க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 27 வருடங்களில் டிவி வீடுகள் 8.33 கோடியிலிருந்து 11 கோடிக்கு மேல் போய்விட்டன. சதவீதம் குறைந்தும் தலைகள் கூடியதற்கு அதுதான் காரணம். இன்னொன்று, அது ஒரு விளையாட்டுப் போட்டி. தொடர்களுக்குள் மட்டும் பார்த்தால் மேஷ் இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது. 1980இல் 'டல்லஸ்' தொடரில் ஜே.ஆர் என்ற பாத்திரத்தைச் சுட்டது யார் என்று சொன்ன எபிசோட் 53.3. இந்த ஏழு புள்ளி இடைவெளி மாதிரிப் பிழையில் கரைந்துபோகாது. இதை நம்பலாம்.

அஞ்சல் தலை: சார், 2020 லாக்டவுனில் ராமாயணத்தை ஒரே நாளில் 7.7 கோடி பேர் பார்த்து உலக சாதனை ஆகிவிட்டது என்று தூர்தர்ஷனே சொன்னதே. அதை ஏன் யாரும் சேர்ப்பதில்லை?

மேலே உள்ள இரண்டு பதில்களைப் படித்திருந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். ஏப்ரல் 16 ஒளிபரப்புக்கு 7.7 கோடி, உலகிலேயே அதிகம் பேர் பார்த்த பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். 10.6 கோடி 1983லேயே வந்துவிட்டது. 7.7 கோடியை அப்படியே ஒப்புக்கொண்டாலும் உலக சாதனை நிற்காது.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதத் தொடக்கத்தில் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அதிகாரி இன்னொரு செய்தி சொன்னார்: 2015 முதல் இந்திப் பொழுதுபோக்கு சேனல்களில் எந்த நிகழ்ச்சிக்கும் இவ்வளவு ரேட்டிங் வந்ததில்லை, ஆதாரம் இந்தியாவில் ரேட்டிங் அளக்கும் பார்க் அமைப்பு. இதில் மொழி, சேனல் வகை, ஆரம்ப ஆண்டு, அளந்தவர் என எல்லாமே இருக்கிறது. பார்க் ரேட்டிங் கொடுக்க ஆரம்பித்ததே 2015இல்தான் என்பதால் அந்த ஆண்டுக்கும் காரணம் இருக்கிறது. இப்படிச் சொன்னால் யாரும் சரிபார்க்கலாம். ஒரே தொடர், ஒரே மாதம், இரண்டு அறிவிப்பு. ஒன்று நிற்கும், ஒன்று நிற்காது.

அஞ்சல் தலை: அப்போ 1987இல் 65 கோடி பேர் பார்த்தார்கள் என்பது?

1981 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியா 68 கோடி, 1991இல் 84 கோடி. நடுவில் 65 கோடி என்றால் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஐந்தில் நாலு பேர் பார்த்திருக்க வேண்டும். வெளிநாடுகளையும் மறு ஒளிபரப்புகளையும் சேர்த்த மொத்தம் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கலாம், ஆனால் பதினேழு நாடுகளில் பார்த்த பதினேழு பேரா, பதினேழு வாரம் பார்த்த ஒரே ஆளா என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது. ஞாயிறு காலை தெரு வெறிச்சோடியது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். அதற்காக 65 கோடிக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

பூங்கொடி வீடு: எங்கள் வீட்டில் காலை முதல் ராத்திரி வரை சீரியல்தான். போன மழைக்கு டிஷ் பழுதாகி மூன்று வாரம் ஒன்றும் ஓடவில்லை. அதனால் அந்த சீரியல் ரேட்டிங் குறைந்திருக்குமா அண்ணா?

குறைந்திருக்காது அம்மா, கவலைப்படாதீர்கள். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது பார்க் கணக்கில் வருவதே இல்லை, உங்கள் வீட்டில் அவர்கள் மீட்டர் இருந்தால் ஒழிய. சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத அடையாளம் ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். எந்த வீடு என்பது ரகசியம். அந்த ரகசியம் உடைந்து வீடுகளுக்குப் பணம் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்த பிறகு, 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களின் வாராந்திர ரேட்டிங்கையே நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது.

மீட்டர்காரர்: குறுக்கே வருகிறேன். கொஞ்ச காலம் மீட்டர் வீடுகளுக்குப் போய்வரும் வேலை பார்த்தவன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன் உண்டு, டிவி முன் உட்காரும்போது அழுத்த வேண்டும். முதல் மாதம் ஒழுங்காக அழுத்துவார்கள். அப்புறம் பாட்டி பெயரில் பேரன் கார்ட்டூன் பார்ப்பான். ஆகவே டைரி மோசம், மீட்டர் சுத்தம் என்று முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய நிகழ்ச்சிகளில் இந்தத் தவறுகள் ஓரளவு அடங்கிவிடும் என்பது என் அனுபவம். சின்னச் சேனலின் நள்ளிரவு நிகழ்ச்சிக்கு நான்கைந்து வீடு மாறினாலே எண் இரட்டிப்பாகும்.

மீட்டர்காரர்: அடங்கும் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே திசையில் தப்பு நடந்தால் எப்படி அடங்கும்?

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

கேபிள் தம்பி: உலகிலேயே நீண்ட தொடர் 'சிம்ப்சன்ஸ்' என்கிறார்கள். நம்ம சந்திரலேகா 2,300 எபிசோட் தாண்டியதே?

உலகிலேயே என்று சொன்னது யார் தம்பி? சிம்ப்சன்ஸ் வைத்திருப்பது அமெரிக்கா, இரவு நேரம், எழுதப்பட்ட கதை என்ற மூன்று வேலிகளுக்குள் உள்ள சாதனை. வாரத்துக்கு ஐந்தாறு நாள் வரும் மதிய சீரியல் ஆண்டுக்கு 280, 290 எபிசோட் போட்டுவிடும். சிம்ப்சன்ஸ் ஆண்டுக்கு இருபத்து சொச்சம். எட்டே வருடத்தில் சந்திரலேகா அதைத் தாண்டியதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் வருடக் கணக்கில் சிம்ப்சன்ஸ் 1989இலிருந்து ஓடுகிறது.

அந்த வேலிக்குள்ளேயே ஒரு தகராறு இருக்கிறது. பழைய சாதனை 'கன்ஸ்மோக்' தொடருடையது: 1955 முதல் 1975 வரை, 20 சீசன், 635 எபிசோட். சீசன் கணக்கில் சிம்ப்சன்ஸ் 2009இல் முந்தியது. எபிசோட் கணக்கில் 2018 ஏப்ரல் 29 அன்று 636ஆவது வந்தபோது முந்தியது. எல்லாப் பத்திரிகையும் எழுதின. ஆனால் கன்ஸ்மோக்கில் 233 எபிசோட்தான் அரை மணி நேரம். மீதி 402 எபிசோட் ஒரு மணி நேரம். விளம்பரத்தோடு கூட்டினால் 518 மணி நேரத்துக்கு மேல். சிம்ப்சன்ஸின் 636 அரை மணி நேரம் 318 மணிதான். நேரத்தில் எட்டிப்பிடிக்க 1,037 எபிசோட் வேண்டும். மூன்று அளவுகோலும் நேர்மையானவைதான். எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

புத்தகப்புழு: கின்னஸில் இருந்தால் நம்பலாம்தானே?

தேதியும் எண்ணிக்கையும் உள்ள சாதனைகளுக்குப் பெரும்பாலும் நம்பலாம். தலைப்பை மட்டும் எழுத்தெண்ணிப் படியுங்கள். இங்கிலாந்தின் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரில் ஆரம்பித்தது. 2010இல் உலகின் நீண்ட டிவி சோப் சீரியல் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது. ஆனால் அமெரிக்காவின் 'கைடிங் லைட்' 1952 முதல் 2009 வரை டிவியில் 57 வருடம் ஓடியிருந்தது. ஐம்பது எப்படி ஐம்பத்தேழை வெல்லும்? அப்போதும் ஓடிக்கொண்டிருந்தவற்றில் நீண்டது என்று படித்தால்தான் சரியாகும். கைடிங் லைட் ரேடியோவில் 1937லேயே தொடங்கியது. அதையும் சேர்த்தால் 72 வருடம். சேர்க்கலாமா கூடாதா என்று அந்தத் தொடரின் ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கதையும் குடும்பங்களும் தொடர்ந்து வந்ததால் நான் சேர்ப்பேன். டிவி சாதனை என்று தலைப்பு இருந்தால் சேர்க்க மாட்டேன்.

ஓடிடி ராஜா: நெட்ஃப்ளிக்ஸ் எண்களை இதோடு ஒப்பிடலாமா?

கூடாது. 'ஸ்க்விட் கேம்' வந்த 2021இல் 14.2 கோடி வீடுகள் என்றார்கள். அப்போது இரண்டு நிமிடம் ஓடினாலே ஒரு வீடு. பிறகு மணி நேரமாக மாற்றி, முதல் 28 நாளில் 165 கோடி மணி நேரம் என்றார்கள். 2023 முதல் மொத்த மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து, 91 நாள் கணக்கு சொல்கிறார்கள். முழு சீசன் எட்டு மணி இருபது நிமிடம் என்று வைத்து அந்த 165 கோடியை வகுத்துப் பாருங்கள், 20 கோடிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒருவர் இரண்டு முறை பார்த்தாலும், இருவர் பாதிப் பாதி பார்த்தாலும் இந்தக் கணக்குக்கு வித்தியாசம் தெரியாது. கடைக்காரரே தராசு பிடிக்கிறார், தராசையும் இரண்டு முறை மாற்றிவிட்டார். அவர்கள் தொடர்களை ஒரே தராசுக் காலத்துக்குள் ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அவ்வளவுதான்.