வசூலித்த வரியில் எதைக் கழிக்கலாம்: பில்லில் உள்ளதையா, GSTR-2B-யில் உள்ளதையா?

கேள்வி: எலக்ட்ரிக்கல் பொருட்கள் கடை வைத்திருக்கிறேன். ஜூலை மாத விற்பனையில் வசூலான ஜிஎஸ்டி 90,000 ரூபாய். அதே மாதம் சரக்கு வாங்கியதில் நான் கொடுத்த ஜிஎஸ்டி, பில்களின்படி 72,000. மீதி 18,000 கட்டினால் போதும் என்று இருந்தேன். ஆடிட்டர் 36,000 கட்டச் சொல்கிறார். ஒரு மொத்த வியாபாரியின் பில் இன்னும் ஏறவில்லையாம். அவருக்கு வரியோடு சேர்த்து முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். அவர் செய்யாத வேலைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. ஆகஸ்ட் 20-க்குள் 36,000 ரூபாயைக் கட்டி, மாத வரி ரிட்டர்னான GSTR-3B-யைத் தாக்கல் செய்துவிடுங்கள். அதில் 18,000 ரூபாய் உங்களை விட்டுப் போய்விடவில்லை. பெரும்பாலும் அக்டோபரில் திரும்பக் கிடைத்துவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று கொள்முதல் பில்களையும் பார்த்தேன். முதல் பில் உள்ளூர் மொத்த வியாபாரியுடையது. சரக்கு 2,00,000, மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 18,000, மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி 18,000. இரண்டாவது பெங்களூரிலிருந்து வந்த சரக்கு. மதிப்பு 1,00,000, வெளிமாநிலச் சரக்கு என்பதால் ஐஜிஎஸ்டி 18,000. மூன்றாவதுதான் சிக்கலுக்குரியது. அதுவும் இந்த மாநிலத்திலேயே வாங்கியது. மதிப்பு 1,00,000, வரி 9,000 வீதம் இரண்டாக 18,000. மூன்றும் சேர்ந்து 72,000. உங்கள் கூட்டலில் தவறில்லை.

ஆனால் விற்பனை வரியிலிருந்து கழிக்கக் கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. பில் வேண்டும், சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், அதோடு விற்றவர் அந்தப் பில்லைத் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1-இல் காட்டி, அது போர்ட்டல் உங்களுக்குத் தயாரிக்கும் வரவுப் பட்டியலான GSTR-2B-யில் வந்திருக்கவும் வேண்டும். கடைசி நிபந்தனையை ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(ஏஏ) பிரிவு 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு, ஏறாத பில்லுக்கும் ஓரளவு இன்புட், அதாவது வாங்கியதில் கொடுத்த வரிக்கான வரவு, எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. பழைய பழக்கத்தில் இன்றும் பலர் பில்லைப் பார்த்தே கணக்குப் போடுகிறார்கள். இப்போது அந்தச் சலுகை இல்லை. ஜூலை மாத 2B ஆகஸ்ட் 14 அன்று உருவாகிறது. அதில் உங்களுக்கு வந்திருப்பது முதல் இரண்டு பில்களின் வரி, அதாவது 54,000. எனவே 90,000-இல் 54,000 போக 36,000.

இனி இந்த 54,000-ஐக் கழிக்கும் வரிசை. முதலில் ஐஜிஎஸ்டி வரவைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவில்லை, அதனால் அந்த 18,000-ஐ சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டில் எதற்கு வேண்டுமானாலும், எந்த விகிதத்திலும் பயன்படுத்தலாம். விற்பனையில் நீங்கள் கட்ட வேண்டிய வரி சிஜிஎஸ்டி 45,000, எஸ்ஜிஎஸ்டி 45,000. ஐஜிஎஸ்டியை 9,000 வீதம் பிரித்துக் கழித்தால் இரண்டிலும் 36,000 நிற்கும். பிறகு சிஜிஎஸ்டி வரவு 18,000 சிஜிஎஸ்டியிலும், எஸ்ஜிஎஸ்டி வரவு 18,000 எஸ்ஜிஎஸ்டியிலும் போனால், ரொக்கமாகக் கட்ட வேண்டியது 18,000 வீதம் மொத்தம் 36,000.

இந்த மாதம் எப்படிப் பிரித்தாலும் மொத்தம் மாறாது. ஆனால் சில மாதங்களில் மாறும், அங்கேதான் பலர் தேவையில்லாமல் கையிலிருந்து கட்டுகிறார்கள். ஒரு மாதம் உங்கள் சிஜிஎஸ்டி வரவு 40,000, எஸ்ஜிஎஸ்டி வரவு 40,000, ஐஜிஎஸ்டி 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் கட்ட வேண்டிய வரி அதே 45,000 வீதம். ஐஜிஎஸ்டி முழுவதையும் சிஜிஎஸ்டியில் போட்டுவிட்டால், சிஜிஎஸ்டி வரவில் 13,000 மிச்சமாகி நிற்கும். எஸ்ஜிஎஸ்டியிலோ 5,000 ரூபாய் குறையும். சிஜிஎஸ்டி மிச்சத்தை எஸ்ஜிஎஸ்டிக்குத் திருப்ப முடியாது, ஆகவே அந்த 5,000-ஐ ரொக்கமாகக் கட்ட வேண்டியதுதான். அதையே 9,000 வீதம் பிரித்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்காது. GSTR-3B-யில் வரி கட்டும் பக்கத்தில் போர்ட்டல் தானாக ஒரு பங்கீட்டைப் போட்டு வைத்திருக்கும். அதை அப்படியே ஏற்காமல், எந்தக் கணக்கில் ரொக்கம் கேட்கிறது என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது வியாபாரிக்கு வருவோம். அவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டும் முன் ஒன்று செய்யுங்கள். போர்ட்டலின் முகப்பில் `Search Taxpayer` என்ற இடத்தில் பில்லில் உள்ள அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, `Show Filing Table` என்பதை அழுத்துங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின் தேவையில்லை. நான் பார்த்தேன். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. கடந்த காலாண்டுகளில் GSTR-1, GSTR-3B இரண்டையும் தேதிக்குள் போட்டிருக்கிறார். ஆகவே அவர் சட்டத்தை மீறவில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பில்களை அவர் அக்டோபர் 13-க்குள் காட்டினால் போதும். அப்படிக் காட்டும்போது உங்கள் ஜூலை பில் செப்டம்பர் மாத 2B-யில் வரும். அது அக்டோபர் 14 அன்று உருவாகும். அந்த மாதத்து GSTR-3B-யை அக்டோபர் 20-க்குள் போடும்போது இந்த 18,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் இரண்டு மாதம் முன்பணம் கட்டியவராக ஆகிறீர்கள், அவ்வளவுதான். சிறு கடைக்கு அந்த இரண்டு மாதம் எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதங்களில் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. காலாண்டு ரிட்டர்ன் போடுபவர்களும் முதல் இரண்டு மாதப் பில்களை, விரும்பினால், அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் `IFF` என்ற வசதியில் ஏற்றலாம். ஏற்றினால் உங்கள் 2B-யில் அந்த மாதமே வந்துவிடும். அவருக்கு அது கட்டாயமில்லை, வாங்குபவர் கேட்டால்தான் செய்வார். சரக்கு எடுக்கும்போதே சொல்லி வையுங்கள். முடிந்தால், வரித் தொகையை மட்டும் 2B-யில் பில் வந்த பிறகு தருவதாக எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் இழுத்தடிக்க வேண்டாம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்கு விலையையும் வரியையும் கொடுக்காவிட்டால், நீங்கள் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டிவரும். பிறகு பணத்தைக் கொடுத்ததும் அதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிய வட்டி திரும்ப வராது.

இன்னொரு சின்னச் சரிபார்ப்பு. விற்றவர் ஏற்றிய பில்கள் இப்போது `IMS` பக்கத்தில் உங்களுக்குக் காட்டப்படுகின்றன. அங்கே தவறுதலாக யாராவது `Reject` அழுத்தியிருந்தால், அவர் ஒழுங்காக ஏற்றியும் உங்களுக்கு வரவு வராது. எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். கடைப் பையனிடம் லாகினைக் கொடுத்திருந்தால் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பில் இருக்கிறதே என்று துணிந்து 72,000-ஐயும் இப்போதே கழித்தால் என்ன ஆகும்? 2B-யில் உள்ளதைவிடக் கணிசமாகக் கூடுதலாக எடுத்திருப்பதைச் சிஸ்டமே கண்டுபிடித்து DRC-01C என்ற அறிவிப்பை அனுப்பும். ஏழு நாளுக்குள் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், அல்லது விளக்கம் தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அடுத்த GSTR-1-ஐப் போட விடாது. அப்போது உங்களிடம் வாங்கும் வியாபாரிகள், இன்று நீங்கள் நிற்கும் இடத்தில் நிற்பார்கள். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. 18,000-க்கு மாதம் சுமார் 270 ரூபாய். தொகை சிறிதாகத் தோன்றலாம், ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் செலவு அதைத் தாண்டிவிடும். அவர் ஏற்றும் வரை ரிட்டர்னையே தள்ளிப்போடலாமா என்று யோசித்தால், அதுவும் வேண்டாம். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், ரொக்கமாகக் கட்ட வேண்டிய 36,000 முழுவதற்கும் வட்டி வேறு. நீங்கள் காத்திருப்பதால் அவருடைய பில் ஜூலை 2B-க்குள் வந்துவிடாது.

கடைசியாக, அவர் அக்டோபரிலும் காட்டாமல் போனால்? அப்போது பிரச்சினை தீவிரமாகிறது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கான வரவை அந்த ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரைதான் எடுக்கலாம், ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்த நாள் வரைதான். அதன் பிறகு வரவு போனது போனதுதான். ஆகவே அக்டோபர் 14 அன்று 2B-யில் பில் இல்லை என்றால், அன்றே அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பில் எண், தேதி, வரித் தொகை, பணம் போன வங்கி விவரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, இத்தனை நாளுக்குள் ஏற்றாவிட்டால் 18,000-ஐத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். வரியென்று வாங்கிய பணத்தை அவர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு வழி உண்டு.

அவர் GSTR-1-இல் பில்லைக் காட்டிவிட்டு வரியைக் கட்டாமல் விடுவது இன்னொரு வகை. நிதியாண்டு முடிந்து அடுத்த செப்டம்பர் 30 வரைக்கும் அவர் அந்தக் காலத்துக்கான GSTR-3B-யைப் போடவில்லை என்றால், நீங்கள் எடுத்த வரவை நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும் என்கிறது விதி 37ஏ. பின்னாளில் அவர் போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில், வரியைக் கொடுத்துவிட்டேனே என்ற உங்கள் வாதத்துக்கு நீதிமன்றத்தில் செவிசாய்த்திருக்கிறார்கள். டி.ஒய். பீத்தல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில், வரியை வாங்கிக்கொண்டு கட்டாத விற்பனையாளரை விட்டுவிட்டு வாங்கியவர் மேல் மட்டும் போட்ட உத்தரவுகளை ரத்து செய்தது. ஆனால் அது 16(2)(ஏஏ) வருவதற்கு முந்தைய தீர்ப்பு. துறை உங்களிடம் பணம் கேட்டு வரும்போது தற்காப்புக்கு அது உதவும். 2B-யில் இல்லாத பில்லுக்கு இன்றே வரவு எடுக்க அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. அப்படி ஒரு நாள் வந்தால் உங்களைக் காப்பது அந்தப் பில், சரக்கு வந்ததற்கான லாரி ரசீது, இ-வே பில், வங்கி மூலம் பணம் போனதற்கான ஸ்டேட்மெண்ட், நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகியவைதான். மூன்றாவது பில்லுக்கு இவற்றை ஒரே கோப்பில் இப்போதே எடுத்து வையுங்கள். உங்கள் கணக்கிலும் அந்த 18,000-ஐச் செலவில் எழுத வேண்டாம், வரவேண்டிய இன்புட் என்று தனித் தலைப்பில் வைத்து, அக்டோபரில் நேர் செய்யுங்கள்.