பில்லில் கூட்டல் சரி, சர்வீஸ் சார்ஜ்தான் இடிக்கிறது

கேள்வி: நாங்கள் நாலு பேர் சென்னையில் ஒரு ரெஸ்டாரண்டில் சாப்பிட்டோம். பணம் கட்டிய நண்பர் பில்லை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பங்கைக் கேட்கிறார். சாப்பாடு 1,840 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 10% 184, சிஜிஎஸ்டி 2.5% 50.60, எஸ்ஜிஎஸ்டி 2.5% 50.60, ரவுண்ட் ஆஃப் கழித்து மொத்தம் 2,125. 1,840-க்கு இரண்டரை சதவீதம் 46 தானே? 50.60 எப்படி வந்தது? ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: வரியில் ஏமாற்று இல்லை. 50.60-ஐ 40-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,024 வரும். இரண்டரை சதவீதம் என்பது நாற்பதில் ஒரு பங்கு. அதனால் சிஜிஎஸ்டி தொகையை 40-ஆல் பெருக்கினால், எந்தத் தொகைக்கு வரி போட்டார்கள் என்பது தெரிந்துவிடும். 2,024 என்பது உங்கள் சாப்பாடு 1,840-ம் சர்வீஸ் சார்ஜ் 184-ம் சேர்ந்தது. கடைக்காரர் வாங்கும் மொத்த விலைக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பதால், சர்வீஸ் சார்ஜ் வாங்கினால் அதற்கும் வரி சேரும். 2,024-உடன் இரண்டு 50.60-ஐக் கூட்டினால் 2,125.20. இருபது பைசாவை விட்டுவிட்டு 2,125. கணக்கு சரிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலர் முதலில் சாப்பாட்டுக்கு மட்டும் வரி போட்டு (46-ம் 46-ம்), 1,932 ஆக்கி, அதன்மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 193.20 போடுவார்கள். கூட்டிப் பாருங்கள், அதுவும் 2,125.20 தான்! எதை முதலில் பெருக்கினாலும் விடை ஒன்றுதானே. ஆனால் முதல் வழியில் அரசுக்கு 101.20 போகிறது, இரண்டாவதில் 92 தான். மிச்சம் 9.20 சர்வீஸ் சார்ஜோடு சேர்ந்து கடைக்காரர் பக்கம் போய்விடுகிறது. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, வரி வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கணக்கு சரி என்பதால் பில்லும் சரியா? இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நம்மைக் கேட்காமல் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டு பில்லோடு அதைச் சேர்த்து, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டு வாங்கவும் கூடாது. உங்கள் பில்லில் நடந்திருப்பது அப்படியே இதுதான். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உபசரிப்பு பிடித்திருந்தால் டிப்ஸ் கொடுப்பது நம் விருப்பம்.

சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டால் பில் 1,840, வரி 92, மொத்தம் 1,932. ஆக நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது வெறும் 184 இல்லை. அதன்மேல் விழுந்த வரி 9.20-ம் சேர்ந்து 193.20. ரவுண்ட் ஆஃபில் இருபது பைசாவை அவர்களே விட்டுவிட்டதால் கையில் வர வேண்டியது 193 ரூபாய். தலைக்கு 48 ரூபாய் சொச்சம். சின்னத் தொகைதான், ஆனால் கேட்பதில் தப்பே இல்லை. முதலில் ரெஸ்டாரண்டிலேயே கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

இந்த நாற்பது கணக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி போடும் சாதாரண ரெஸ்டாரண்டுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அறை வாடகை அதிகமான பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 9-ம் 9-ம் போட்டிருந்தால் திகைக்க வேண்டாம், அங்கே 18 சதவீதம். மது வாங்கியிருந்தால் அது ஜிஎஸ்டிக்குள் வராது, அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். தள்ளுபடி கொடுத்திருந்தால், கழித்தபின் மிஞ்சும் தொகைக்குத்தான் வரி.

அப்புறம், நண்பரிடம் முழு பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். வரியெல்லாம் சரியாக இருந்து, சாப்பிடாத ஒரு கோபி மஞ்சூரியன் 1,840-க்குள் உட்கார்ந்திருப்பதும் நடக்கிற கதைதான். பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டில் கீழ்ப்பாதி மட்டும் வரும். உணவு வரிசை மேலே வெட்டுப்பட்டுப் போயிருக்கும். புகார் செய்வதற்கும் பில் எண், தேதி, ஜிஎஸ்டி எண் மூன்றும் தெரிய வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். அந்த எண்ணே இல்லாத பில்லில் வரி போட்டிருந்தால், சர்வீஸ் சார்ஜை விட்டுவிட்டு முதலில் அதைக் கேளுங்கள்.