திரையில் 102.10, கணக்கில் பிடித்தது 1,03,715.50: நடுவில் இருக்கும் 1,615.50 யாருக்குப் போனது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன், ரிட்டயர் ஆனவன். ரிசர்வ் வங்கியின் ரீடைல் டைரக்ட் கணக்கில் 7.18% GS 2033 அரசுப் பத்திரம் ஒரு லட்சம் முகமதிப்புக்கு வாங்கினேன். நவம்பர் 4 ஆர்டர், 5ஆம் தேதி செட்டில்மென்ட். திரையில் விலை 102.10 என்றுதான் இருந்தது, ஆனால் 1,03,715.50 ரூபாய் போயிருக்கிறது. மிச்சம் 1,615.50 கமிஷனா?

பதில்: கமிஷன் இல்லைங்க சார். அந்தப் பணம் உங்களுக்குப் பத்திரத்தை விற்றவருக்குப் போனது. பிப்ரவரியில் உங்களுக்கே திரும்பி வந்துவிடும்.

இந்தப் பத்திரம் பிப்ரவரி 14, ஆகஸ்ட் 14 என்று வருடத்துக்கு இரண்டு முறை வட்டி தருகிறது. ஒரு லட்சத்துக்கு ஒவ்வொரு முறையும் 3,590 ரூபாய். பிப்ரவரி 14 அன்று பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு முழு 3,590 போகும், நடுவில் யார் எத்தனை நாள் வைத்திருந்தார் என்று அரசாங்கம் பார்க்காது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கொழுந்து பறிக்க நாலு நாள் இருக்கும்போது தேயிலைத் தோட்டத்தைக் கைமாற்றுகிற மாதிரி. பறிக்கிற இலை முழுக்க வாங்கினவருக்கு, அதனால் விற்கிறவர் அதுவரை வளர்ந்த இலைக்குத் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்தப் பங்குதான் அக்ரூட் இன்ட்ரஸ்ட், அதாவது சேர்ந்த வட்டி. நம் ஊர் பாண்டு ஆட்கள் புரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட் என்பார்கள். உங்கள் கான்ட்ராக்ட் விவரத்தில் தனி வரியாக இருக்கும், பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆகஸ்ட் 14இலிருந்து நவம்பர் 5 வரை காலண்டரில் எண்ணினால் 83 நாள். ஆனால் அரசுப் பத்திரங்களில் மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 360 நாள் என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள், அதனால் 31ஆம் தேதிகள் விழுந்து 81 நாள்தான் வரும்.

```
7,180 × 81 / 360 = 1,615.50
1,02,100 + 1,615.50 = 1,03,715.50
```

பைசா பிசகவில்லை. நீங்கள் 83ஐ 365ஆல் வகுத்துப் போட்டிருந்தால் சுமார் 1,632.70 வந்து, பதினேழு ரூபாய் எங்கே போச்சு என்று மண்டையைக் குடைந்திருக்கும். இன்னொன்று, ஆர்டர் போட்ட 4ஆம் தேதி இதில் கணக்கில்லை. பணமும் பத்திரமும் கைமாறி செட்டில்மென்ட் நடந்த 5ஆம் தேதி வரைதான் எண்ண வேண்டும்.

102.10 தான் கிளீன் பிரைஸ், வட்டியையும் சேர்த்த 103.7155 டர்ட்டி பிரைஸ். கையிலிருந்து போவது டர்ட்டி என்றால் திரையில் ஏன் அதையே காட்டக் கூடாது? காட்டலாம், ஆனால் ஒன்றும் புரியாது. சந்தையில் எதுவுமே மாறாவிட்டாலும் உங்கள் ஒரு லட்சத்தின் டர்ட்டி விலை தினம் சுமார் 20 ரூபாய் ஏறிக்கொண்டே போய், வட்டி கொடுக்கிற நாளில் தடாலென்று 3,590 இறங்கும். வட்டி விகிதம் மாறி விலை ஏறியதா, வெறுமனே நாள் போனதால் ஏறியதா என்று பிரிக்க முடியாது. அதனால்தான் பேரம் கிளீன் விலையில், பட்டுவாடா டர்ட்டி விலையில். ஆனால் முதிர்வு ஈல்டு, அதாவது கடைசி வரை வைத்திருந்தால் உண்மையில் கிடைக்கும் வருட வருமான விகிதம், கணக்கிடும்போது நீங்கள் உண்மையில் கொடுத்த 103.7155தான் உள்ளே போகிறது, எக்செலில் நீங்களே போட்டால் இதை மறந்துவிடாதீர்கள்.

சார், நீங்கள் கவலைப்பட வேண்டியது 1,615.50 இல்லை, அந்த 2,100. பிப்ரவரி 14 அன்று 3,590 வரும். அதில் 1,615.50 நீங்கள் முன்பணமாகக் கொடுத்தது, மிச்சம் 1,974.50தான் நீங்கள் வைத்திருந்த 99 நாளுக்கான வட்டி. அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. முகமதிப்புக்கு மேல் கொடுத்த 2,100 அப்படி இல்லை, 2033இல் உங்களுக்கு ஒரு லட்சம்தான் கொடுப்பார்கள். சந்தை 7.18 சதவீதத்தைவிடக் குறைவாக வட்டி தருகிற நேரத்தில் 7.18 வாங்குவதற்கான விலை அது. ஈல்டில் அதைக் கழித்துத்தான் காட்டுகிறார்கள், அதனால் ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. ஆனால் ‘மாதம் அறுநூறு ரூபாய்க்குக் கிட்டே வருகிறதே’ என்று கூப்பனை, அதாவது பத்திரத்தில் எழுதியிருக்கும் வட்டியை மட்டும் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

கம்பெனி பாண்டு பக்கம் போனால் ஒரு விஷயம் தலைகீழாகும். அங்கே வட்டி நாளுக்குச் சில நாள் முன்னாலேயே ரெக்கார்ட் டேட், அதாவது வட்டி யாருக்கு என்று முடிவு செய்கிற தேதி வந்துவிடும். அதற்குப் பிறகு வாங்கினால் அந்த வட்டி விற்றவருக்கே போகும், ஆகவே மீதி நாட்களுக்கான வட்டியை உங்கள் விலையில் கழிப்பார்கள். அப்போது டர்ட்டி விலை கிளீன் விலையைவிடக் குறைவாக இருக்கும், சேர்ந்த வட்டி மைனஸில் தெரியும். அது தப்பு இல்லை. அந்த நாட்களில் வாங்கியும் வட்டி ப்ளஸில் சேர்ந்திருந்தால்தான் புரோக்கரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.